உயிலில் ‘மருமகன்’ என்று மட்டும் எழுதினால் அது யார்? பெரியப்பாவின் வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

கடையநல்லூரான்

பெரியப்பாவுக்கு 78 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வீடு, 60 சென்ட் நஞ்சை, அவருடைய அம்மாவின் நகை கொஞ்சம். பத்திர எழுத்தரிடம் சொல்லி உயில் வரைவு ஒன்று தட்டச்சு செய்து வாங்கியிருக்கிறார். கையெழுத்து இன்னும் போடவில்லை. “நீ தமிழ் படிச்சவன்தானே, பிழை பாரு” என்று என்னிடம் கொடுத்தார். ஒற்று மிகுவது, மிகாதது எல்லாம் திருத்திவிட்டேன். முக்கியமான பத்தியைப் பெயர்களை மாற்றிப் போடுகிறேன்:

“எனது வீட்டை எனது மருமகன் செல்வமும், எனது நஞ்சை நிலத்தை எனது தம்பி மகன் மனைவி மக்களும், எனது நகைகளை எனது சித்தி மகள் பார்வதியும் எனது ஆயுட்காலத்துக்குப் பிறகு அடைய வேண்டியது.”

எழுத்துப்பிழை இல்லை என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது கண்ணில் படுகிறதா?

சட்டப்பிரியன்

பயப்பட ஒன்றுமில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 76. பெயரில் தவறு இருந்தால் உறவை வைத்தும், உறவில் தவறு இருந்தால் பெயரை வைத்தும் சரிசெய்துகொள்ளலாம். சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. ‘என் சகோதரன் ஜானின் இரண்டாவது மகன் தாமஸ்’ என்று எழுதியிருக்கிறார். ஜானுக்கு தாமஸ் என்ற மகனே இல்லை, இரண்டாவது மகன் பெயர் வில்லியம். சொத்து வில்லியமுக்குப் போகும். ஆக, சின்னத் தவறுக்காக உயில் விழாது.

பழைய பத்திரம்

சட்டப்பிரியன் சொன்ன பிரிவு சரி. ஆனால் இங்கே வந்திருப்பது தவறு இல்லையே. ‘மருமகன்’ என்பதில் எந்தத் தவறும் இல்லை, ‘செல்வம்’ என்பதிலும் இல்லை. இரண்டு பேருக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

கடையநல்லூரான், இதைச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் மகளின் கணவர் என்ற பொருள் இல்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் அக்கா தங்கை மகனும் மருமகன்தான். தம்பியின் மகள் இவருக்கு மகள் முறை, அவளுடைய கணவனும் மருமகன்தான். இந்த இரண்டு வகையிலும் செல்வம் என்று கூப்பிடப்படுகிறவர்கள் எத்தனை பேர்?

கடையநல்லூரான்

அண்ணாச்சி, வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு பேர் இருக்கிறார்கள். அத்தை மகன் செல்வராஜ், என் தங்கை வீட்டுக்காரர் செல்வகுமார். வீட்டில் இருவருமே செல்வம்தான். பெரியப்பா நினைப்பது அத்தை மகனை. எங்களுக்கெல்லாம் அது தெரியும்.

பழைய பத்திரம்

உங்களுக்கெல்லாம் தெரியும், சரி. உயில் பேசத் தொடங்கும் நாளில் பெரியப்பா இருக்க மாட்டார். உங்களில் யார் யார் அப்போது ஒரே மாதிரி பேசுவீர்கள் என்பதும் தெரியாது.

இதற்குப் பொருந்துவது அதே சட்டத்தின் பிரிவு 80. அதிலும் உதாரணம் உண்டு. மேரி என்ற பெயரில் இரண்டு ‘கசின்’ இருக்கிறவர் ‘என் கசின் மேரிக்கு’ என்று எழுதிவிடுகிறார். யாரை நினைத்தார் என்று வெளிச் சாட்சியம் கொடுத்து நிரூபிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நிரூபிப்பது என்றால் வழக்கு, சாட்சிக் கூண்டு, ‘அவர் தீபாவளிக்கு யாருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்’ என்ற குறுக்கு விசாரணை. அதைவிடக் கொடுமை அடுத்த பிரிவு. அதில் ‘முன்சொன்ன என் அத்தை மேரி’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கு அத்தை கரோலின், கசின் மேரி. அத்தை மேரி என்று ஒருவரும் இல்லை. அங்கே வெளிச் சாட்சியத்துக்கே இடமில்லை, அந்தக் கொடை செல்லாது. முறைப்பெயர் ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமும் இழுத்தால் இதுதான் கதி.

நான் 30 வருடம் பத்திரம் எழுதியவன். முறைப்பெயர் என்பது ஒருவரைக் கூப்பிட ஏற்பட்டது, அடையாளம் காட்ட ஏற்பட்டதல்ல. நம் முறைப்பெயர்கள் ‘இவர் உனக்கு மணமுறையா இல்லையா, உனக்கு மூத்தவரா இளையவரா’ என்பதைத் துல்லியமாகச் சொல்லும். யார் வயிற்றில், யாருக்குப் பிறந்தார் என்பதைச் சொல்லாது. பத்திரத்துக்கு வேண்டியது இரண்டாவது.

மணி_கோவை

எங்கள் கதையையும் கேளுங்கள். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். அக்கா கல்யாணம் ஆகாதவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘த/பெ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘க/பெ’ என்று விழுந்து, அதற்குப் பின்னால் அப்பாவின் பெயர். தகப்பனார் பெயர் ‘கணவர் பெயர்’ ஆகிவிட்டது. வாங்கும்போது ஐந்து பேர் பார்த்தோம். எல்லோரும் அவரவர் பெயரில் எழுத்து சரியா என்றுதான் பார்த்தோம், அந்த ஒற்றை எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. வங்கியில் ஒரு பெண் ஊழியர் அதைப் பார்த்துவிட்டு அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். இறந்தவருக்கு இரண்டு மனைவி என்பது போல ஆகிவிட்டது அல்லவா! மறுபடி மனு, மறுபடி கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, மறுபடி வட்டாட்சியர் அலுவலகம். நான்கு மாதம்.

தணிகை

பெரியப்பா வங்கிக் கணக்குக்கு நாமினி போட்டிருக்கிறாரா? நாமினி இருந்தால் உயிலே வேண்டாம் என்பார்கள். பட்டா மாறுதலுக்கு எவ்வளவு ஆகும்?

பழைய பத்திரம்

தணிகை, அது வேறு கதை. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள ஆள், அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். தனியாகக் கேளுங்கள்.

மணி சொன்னது தங்கமான உதாரணம். இதே இனத்தில் இன்னொன்று மகன், மகள். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். ‘மகன் வழிப் பேரன்’, ‘மகள் வழிப் பேரன்’ என்று வரும்போது கண் வழுக்கிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் இரண்டுமே சரியான தமிழ். எழுத்துப்பிழை பார்க்கிறவருக்கு இது பிழையாகவே தெரியாது. ஆனால் பேரன் என்றால் எந்த வழி என்பது சட்டத்தில் முக்கியம்.

இனி உங்கள் இரண்டாவது வரி. ‘எனது தம்பி மகன் மனைவி மக்கள்’. இதை உரக்கப் படியுங்கள். எனக்கு மூன்று குடும்பம் தெரிகிறது. தம்பியுடைய மகனுடைய மனைவியும் மக்களும் என்று ஒன்று. தம்பியின் மகன், தம்பியின் மனைவி, தம்பியின் மற்ற மக்கள் என்று ஒன்று. தம்பியும் சேர்த்து அந்தக் குடும்பம் முழுக்க என்று ஒன்று. தமிழில் வேற்றுமை உருபு இல்லாமலே ‘உடைய’ என்ற பொருள் வந்துவிடும், ‘உம்’ இல்லாமலே பட்டியலும் வந்துவிடும். பேச்சில் குரல் பிரித்துக் காட்டும். தாளில் குரல் இல்லை.

பூங்குழலி

ஒரு நிறுத்தற்குறி போட்டால் போதாதா? ‘தம்பி மகன், மனைவி, மக்கள்’.

பழைய பத்திரம்

போதாது அம்மா. காற்புள்ளி நகல் எடுக்கும்போது விழும், ஒளிநகலில் புள்ளி போலத் தெரியும். நீங்கள் போட்ட காற்புள்ளியிலேயே மனைவி யாருடைய மனைவி என்று இன்னும் தெரியவில்லை பாருங்கள். உருபை எழுத்தாகவே எழுதிவிட வேண்டும். ‘எனது தம்பி இன்னாருடைய மகன் இன்னாருடைய மனைவி இன்னாரும்’ என்று. நடை அழகாக இருக்காது. இருக்க வேண்டாம்.

‘காலஞ்சென்ற’ என்ற சொல்லிலும் இதே தொல்லை. ‘காலஞ்சென்ற சுப்பையா மகன் கணேசன்’ என்றால் போனவர் அப்பாவா மகனா? வாரிசு விவரத்தில் இது விளையாட்டில்லை. ஒரு மகன் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பதை வைத்துத்தான் அவருடைய பிள்ளைகள் வருவார்களா என்பதே முடிவாகும். ‘சுப்பையாவின் மகன் கணேசன், இவர் இந்தத் தேதியில் இறந்துவிட்டார்’ என்று தனி வாக்கியமாக எழுதுவது நல்லது.

வடமராட்சி

யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என்று இருப்பதால் தாத்தா, பாட்டியில் வருகிற குழப்பம் எங்களுக்கு இல்லை. சகோதரனின் மகனைப் ‘பெறாமகன்’ என்போம், அதனால் சொந்த மகனோடு குழம்பாது. ஆனால் மருமகன் உங்களைப் போலவேதான், மகளின் புருஷனும் சகோதரியின் மகனும். மாமா, மாமியும் அப்படியே. இந்தியாவில் இருக்கிற ஒரு காணி விஷயமாக ஒரு தாளில் ‘பெறாமகன்’ என்று எழுதிக் கொடுத்தோம். அங்கே வாசித்தவர் ‘பெறாத மகன் என்றால் தத்தா?’ என்று கேட்டார். எங்களுக்கு வெளிச்சமான சொல் அவருக்கு இருட்டு.

பூங்குழலி

அப்பத்தா, ஆத்தா, ஆயா, அமுச்சி என்று எங்கள் பக்கமும் இதே கூத்துதான். ஊர் மாறினால் ஆள் மாறிவிடும். அது இருக்கட்டும், ‘சித்தி மகள் பார்வதி’யை ஏன் யாரும் கேட்கவில்லை? சித்தி என்றால் அம்மாவின் தங்கைதானே, அதில் என்ன குழப்பம்?

கடையநல்லூரான்

இல்லை அக்கா. இங்கே சித்தி என்பது தாத்தாவின் இளைய தாரம். பெரியப்பாவின் அம்மா இறந்த பிறகு தாத்தா கட்டியவர். பெரியப்பாவையும் என் அப்பாவையும் வளர்த்தது அவர்தான். பார்வதி அத்தை அவருக்குப் பிறந்தவர். செல்வராஜின் அம்மா மூத்த தாரத்துப் பெண், பெரியப்பாவின் சொந்தத் தங்கை.

பழைய பத்திரம்

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

சித்தி என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, அப்பாவின் இளைய தாரம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் அட்டவணையில் இரண்டாம் வகுப்பை எடுத்துப் பாருங்கள். அப்பாவின் விதவை ஆறாவது வரிசையில் வருகிறார். அம்மாவின் சகோதரி ஒன்பதாவதில். சித்தப்பாவின் மனைவி அந்த வகுப்பில் எங்குமே இல்லை. கூப்பிடுவது மூவரையும் ஒரே மாதிரி, சட்டம் வைத்திருப்பது மூன்று இடத்தில். வாரிசு விவரம் கொடுக்கும்போது ‘சித்தி’ என்று எழுதினால் எழுதியவர் உண்மையைத்தான் எழுதினார், படித்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்போது பார்வதி. உயிலைப் பொறுத்தவரை ஆள் யார் என்று தெரிந்தால் போதும், நகை போய்ச் சேரும். ஆனால் ‘சித்தி மகள்’ என்று அவரே கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருந்தால், நாளைக்கு உயிலில் வராத ஏதாவது ஒரு சொத்துக்கு வாரிசு யார் என்று வரும்போது ‘பார்வதி சகோதரியே இல்லை, சித்தியின் மகள் என்று அவரே எழுதியிருக்கிறார்’ என்று ஒருவர் நீட்டலாம். உண்மையில் அவர் ஒரே அப்பாவுக்குப் பிறந்த சகோதரி. அட்டவணையில் சகோதரி இரண்டாவது வரிசை. ஆனால் பிரிவு 18-இன்படி, உறவு முறை ஒன்றாக இருந்தால் அப்பா அம்மா இருவரும் ஒன்றான உடன்பிறப்புக்கு முன்னுரிமை. உங்கள் அப்பா உயிரோடு இருக்கும்வரை அது இன்னொரு சிக்கல்.

சட்டப்பிரியன்

அப்படியானால் ‘உடன்பிறந்த சகோதரி’ என்று எழுதிவிடலாமே. சட்டத்திலும் அதுதான் சொல்.

பழைய பத்திரம்

அங்கேதான் வேடிக்கை. சகோதரன் என்ற சொல்லைப் பிரித்தால் ‘ஒரே வயிற்றைச் சேர்ந்தவன்’. உடன்பிறந்த, கூடப்பிறந்த என்பதும் வழக்கில் ஒரு தாய் வயிற்றைத்தான் நினைவூட்டும். இரண்டாம் வகுப்பிலோ நேர்மாறு. அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் சகோதரர்தான். அம்மா ஒன்று, அப்பா வேறு என்றால் அந்த அட்டவணையில் சகோதரர் என்ற சொல்லுக்குள் வரமாட்டார், விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆக, சொல் வயிற்றைப் பார்க்கிறது, சட்டம் அப்பாவைப் பார்க்கிறது. ‘உடன்பிறந்த சகோதரி பார்வதி’ என்று எழுதினால் சொந்தத் தங்கைக்குச் சமமாக்கிவிட்டார் என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார்.

இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘எனது தந்தை இன்னாருக்கும் அவருடைய இரண்டாவது மனைவி இன்னாருக்கும் பிறந்த மகள் பார்வதி’. தந்தை, தாய், மகன், மகள், கணவர், மனைவி. இந்த ஆறு சொற்களுக்குள் எந்த உறவையும் நடந்து போய்த் தொட்டுவிடலாம். வழி நீளமாகும், அவ்வளவுதான்.

பூங்குழலி

ஆனால் பெரியவர் மனசு என்று ஒன்று இருக்கிறதே. வளர்த்த சித்தியை ‘தந்தையின் இரண்டாவது மனைவி’ என்று எழுதச் சொன்னால் கை வருமா? எங்கள் தாத்தா கடைசிவரை தன் உயிலில் ‘வளர்ப்பு மகன்’ என்ற சொல்லை மாற்ற ஒப்பவில்லை. தத்து எடுத்தாரா, சோறு போட்டு வளர்த்தாரா என்று பிறகு பெரிய வழக்காகிவிட்டது.

பழைய பத்திரம்

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் செய்வது, வழியை முதலில் எழுதி, பிறகு ‘இவரை நான் தங்கையாகவே பாவித்து வருகிறேன்’ என்று ஒரு வாக்கியம். அதிலும் ஒரு வக்கீல் ‘பாவித்து’ என்றால் உண்மையில் இல்லை என்றுதானே பொருள் என்று கேட்டார். பாசத்தைத் தனி வாக்கியத்தில் வைப்பதா, வைக்காமலே விடுவதா என்பதில் எங்கள் தொழிலிலேயே இரண்டு கட்சி.

மணி_கோவை

‘மக்கள்’ விஷயம் விட்டுப்போனது. பெயர் சொல்ல வேண்டுமா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் ‘பிள்ளைகள்’ என்றால் பையன்களை மட்டும்தான் எண்ணுவார்கள்.

பழைய பத்திரம்

மக்கள், பிள்ளைகள் இரண்டுக்குமே ஊருக்கு ஒரு பொருள். ‘மகன்களும் மகள்களும்’ என்று எழுதினால் தீர்ந்தது. பெயர் போட்டால் ஆள் தெளிவு, ஆனால் பிறகு பிறக்கிற குழந்தை விட்டுப்போகும். பெயர் போடாமல் வகையாக எழுதினால், எழுதியவர் இறக்கும் நாளில் உயிரோடு இருப்பவர்களுக்குப் போகும், 1925 சட்டத்தின் பிரிவு 111. எது வேண்டும் என்று பெரியப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

அது சரி, ஒன்று உறுத்துகிறது. பெரியப்பாவின் ‘தம்பி மகன்’ என்பது யார்?

கடையநல்லூரான்

நான்தான்.

பழைய பத்திரம்

அதாவது நஞ்சை உங்கள் மனைவி மக்களுக்கு. அந்த வரியைத் திருத்துவதும் நீங்கள். 1959-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை எடுத்துக் காட்டப்படுகிறது. பெரிய பலன் அடைகிறவரே உயில் எழுதுவதில் முன்நின்று வேலை செய்திருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை. அந்தச் சந்தேகத்தை அவர்தான் போக்க வேண்டும். நீங்கள் யோக்கியர், நம்புகிறேன். ஆனால் ஒற்று மிகும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உறவு யார் என்பதைப் பெரியப்பா தன் வாயால் எழுத்தரிடம் சொல்லட்டும், நீங்கள் திண்ணையில் இருங்கள்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் தட்டச்சுப் படியைக் கொடுத்து, அதை மட்டும் வைத்து வம்சாவளி வரையச் சொல்லுங்கள். அவர் எங்கே பேனாவை நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அங்கே வரி சரியில்லை. வரைந்ததைப் பெரியப்பா பார்த்து ஆமாம் என்றால் போதும். திருத்தத்தைப் பேனாவால் போட வேண்டாம், புதிதாகவே அடிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பிறகு செய்த திருத்தம் மறுபடி அவரும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால்தான் நிற்கும்.

கடையநல்லூரான்

நேற்றுப் பெரியப்பாவே எழுத்தரிடம் போய்வந்தார். நான் போகவில்லை. புதிய படி, பெயர்கள் மாற்றி:

“எனது வீட்டை, எனது தந்தை சுப்பையாவுக்கும் தாய் ஆவுடையம்மாளுக்கும் பிறந்த மகள் கோமதியின் மகன் செல்வம் என்கிற செல்வராஜ் அடைய வேண்டியது. எனது நஞ்சை நிலத்தை, மேற்படி என் பெற்றோருக்குப் பிறந்த மகன் சங்கரனின் மகள் இசக்கிமுத்துவின் மனைவி மாரியம்மாளும், மேற்படி இருவருக்கும் பிறந்த மகன்களும் மகள்களும் சமமாக அடைய வேண்டியது. எனது நகைகளை, எனது தந்தை சுப்பையாவுக்கும் அவருடைய இரண்டாவது மனைவி வேலம்மாளுக்கும் பிறந்த மகள் பார்வதி அடைய வேண்டியது.”

சித்தி பெயரை அப்படி எழுதும்போது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். இப்போது சரிதானே?

வடமராட்சி

இரண்டாவது வாக்கியத்தை ஆறுதலாக வாசியுங்கோ தம்பி. சங்கரனின் மகள் இசக்கிமுத்துவுக்கு ஒரு மனைவி இருக்கிறார்.

கடையநல்லூரான்

ஐயோ. நாலு தடவை படித்தேன். என் பெயர் வருகிற இடம் அது!

பழைய பத்திரம்

அதனால்தான் தெரியவில்லை. மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த படியை மணியின் வீட்டில் யாரிடமாவது கொடுங்கள், அவர்களுக்கு இப்போது அந்தக் கண் வந்திருக்கும்.